மாடியில் எட்டுப் பேர், கீழே ஒரு செப்டிக் டேங்க்

ஓசூரில் ராயக்கோட்டை சாலையை ஒட்டிய எங்கள் வீட்டின் மாடி மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. கொழுந்தனார் குடும்பம் பெங்களூருக்குப் போன பிறகு அங்கே ஏறியது பல்லியும் நானும் மட்டும்தான். மூன்று அறை, ஒரு சின்ன சமையலறை, இரண்டு குளியலறை. குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் மாதம் ஒன்பதாயிரம் கிடைக்கும் என்றார்கள். ஆளுக்கு 2,500 என்று கட்டில் கணக்கில் எட்டுப் பேருக்கு விட்டால் இருபதாயிரம். வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனது. மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

பெண்களை வைக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆனால் பெண்கள் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும், காவலாளி, கேமரா என்று அதற்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும். முதல் முயற்சியிலேயே அவ்வளவு தூரம் போக எங்களுக்குத் தெம்பில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேரைத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் அழைத்து வந்தார். ஆதார் நகல்களையும் வீட்டு முகவரிகளையும் வாங்கி ஒரு செட்டைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது தண்ணீரைப் பற்றி.

மாடிக்கென்று மொட்டைமாடியில் 1,000 லிட்டர் டேங்க் ஒன்று தனியாக உண்டு. கீழ் வீட்டுக்கு 500 லிட்டர் டேங்க் வேறு. இரண்டுக்கும் ஒரே போர், ஒரே மோட்டார். பையன்கள் வந்த மூன்றாவது மாதத்திலிருந்து மாடி டேங்க் ஒரு நாளைக்கு இரண்டு முறை காலியானது. மலைக்கோயில் தேர் முடிந்து வெயில் ஏறியதும் போரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வரவில்லை. காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீர் மூன்று லோடு வாங்கினோம். ஒரு லோடு 800 ரூபாய். அந்த 2,400-ஐ எட்டாகப் பிரித்து ஆளுக்கு 300 என்று பையன்களிடமே வாங்கினேன். அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்கள். அது எனக்கு அப்போது ஒப்புதல் மாதிரி தெரிந்தது.

"எட்டுத் தடிப்பசங்க. வாளி வாளியா ஊத்திக்கிறானுங்க. நான்தான் சொன்னேனே" என்றார் மாமியார்.

அதே சமயத்தில் பின்கட்டில் நாற்றம் கிளம்பியது. செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் நிறைந்து நின்றது. நிரம்பிவிட்டது என்று லாரியைக் கூப்பிட்டு 3,000 ரூபாய் கொடுத்து உறிஞ்சி எடுக்கச் சொன்னோம். ஏழாவது வாரம் மறுபடி நாற்றம், மறுபடி டேங்க் நிறையத் தண்ணீர். இந்த முறை இன்னொருவர் வந்து, "அடியில இறுகிப் போயிருக்கும், பையனை இறக்கிச் சுரண்டிடலாம்" என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டோம். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, உள்ளே இருக்கும் வாயு மூச்சு இரண்டு இழுப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்றக் குனிகிறவரும் கூடவே போவார். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அவருக்கு வேலை தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பிளம்பர் அண்ணன் வந்தது அதற்குப் பிறகுதான். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, செப்டிக் டேங்க் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும். நிறையலைன்னாத்தான் எங்கியோ ஓட்டைன்னு பயப்படணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 3,000 ரூபாய் கொடுத்து நான் வெளியேற்றியதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். அண்ணன் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே வருகிற கழிவில் கனமானது அடியில் படிகிறது, எண்ணெய்ப்பசை மேலே மிதக்கிறது, நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் எதிர்ப்பக்கக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகிறது. ஒரு குடம் உள்ளே வந்தால் ஒரு குடம் வெளியே போகும். அதனால் தண்ணீர் மட்டம் எப்போதும் வெளியேறும் குழாயின் வாய் வரைக்கும் நிற்கும். அந்த வாய்க்கு மேலே ஏறி நின்றால்தான் கோளாறு. எங்கள் வீட்டில் நான்கு விரல் மேலே நின்றது. அப்படியென்றால் டேங்க் நிரம்பவில்லை. அதற்கு அடுத்த உறிஞ்சு குழிதான் தண்ணீரை இழுக்க மறுக்கிறது.

அடியில் எவ்வளவு கசடு இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொன்னார். நீளமான மூங்கில் கழியின் அடிப்பக்கம் மூன்றடிக்குப் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மெதுவாக அடி தட்டும் வரை இறக்கி, இரண்டு மூன்று நிமிஷம் வைத்து, அதேபோல மெதுவாக எடுக்க வேண்டும். கசடு இருந்த உயரம் வரைக்கும் துணியில் கறுப்பாக ஒட்டியிருக்கும், அதற்கு மேலே தண்ணீர்க் கறை மட்டும் இருக்கும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கசடு வந்துவிட்டால் லாரியைக் கூப்பிடலாம். எங்கள் டேங்கில் தண்ணீர் ஆழம் நான்கடி. துணியில் கறுப்பு ஐந்து அங்குலம்தான். ஆக, இரண்டாவது முறை லாரியைக் கூப்பிட்டிருந்தால் அதுவும் தண்டம்.

டேங்கின் உள்ளளவு ஏழடிக்கு நான்கடி. நான்கடி ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் 112 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்றால் ஏறக்குறைய 3,170 லிட்டர். மாடியில் எட்டு, கீழே நாங்கள் நான்கு என்று பன்னிரண்டு பேரின் கழிவறைத் தண்ணீருக்கு இது தாராளம். கழிவு உள்ளே குறைந்தது ஒரு நாளாவது ஆடாமல் நின்றால்தான் கனமானது அடியில் படியும். அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தினம் எவ்வளவு தண்ணி உள்ள வருது?"

எனக்குத் தெரியவில்லை. அளந்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. நான் தையல் தைப்பவள், இன்ச் டேப் கையிலேயே இருக்கிறது. மொட்டைமாடி டேங்கைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு 345 சென்டிமீட்டர். விட்டம் 110, பரப்பு 9,500 சதுர சென்டிமீட்டர். அதாவது டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது. ஒரு மரச்சட்டத்தில் சென்டிமீட்டர் கோடு போட்டு டேங்க் வாயில் வைத்துக்கொண்டேன். மூன்று நாள், மோட்டார் போடும் முன்பும் பின்பும் அளவு எழுதினேன். சராசரி 1,900 லிட்டர் வந்தது. எட்டால் வகுத்தால் ஆளுக்கு 237. நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்களே போடுகிறார்கள். மாமியார் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. யாரும் குழாயையே திறக்காத நேரத்தில் மட்டம் என்ன செய்கிறது? எட்டுப் பேருக்கும் மூன்று ஷிப்ட். அப்படி ஒரு நேரம் தானாக அமையாது. ஒருநாள் மேலே போய் அரைகுறை இந்தியில் கேட்டேன். இரவு பதினொன்றரையிலிருந்து நாலரை வரை யாரும் குழாயைத் தொடக்கூடாது, பிளஷ் செய்யக்கூடாது, அவசரத்துக்கு இரண்டு வாளியில் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒருவன் குழாய்களுக்கெல்லாம் துணியைச் சுற்றிக் கட்டிவைத்தான்.

நாலரைக்கு டார்ச்சோடு மேலே ஏறினேன். 14 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. 133 லிட்டர். ஐந்து மணி நேரத்தில், யாரும் ஒரு சொட்டு எடுக்காமல். மணிக்கு 27 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 640. ஐந்து பேர் கூடுதலாகக் குடியிருப்பது போல.

சுவரில் ஈரம் இல்லை, குழாய் எதுவும் சொட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் போகக்கூடிய இடம் பிளஷ் டேங்க்தான். அதைக் கண்டுபிடிக்கத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். பிளஷ் டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விட்டு, பிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். டேங்கில் விட்ட நீலம் பேசினில் இறங்கினால், அடி வால்வு மூடவில்லை என்று அர்த்தம். முன்பக்கக் கழிவறையில் அரை மணி கழித்தும் பேசின் வெள்ளையாகவே இருந்தது. பின்பக்கத்தில் ஐந்தே நிமிஷத்தில் பேசினின் பின்சுவரில் நீலமாக ஒரு மெல்லிய படலம் வழிந்தது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு, பேசின் சுவரோடு ஒட்டியே இறங்கும். ஆனால் காதுக்குத் தெரியும். மட்டம் குறையக் குறைய மிதவை திறந்து டேங்க் நிரப்பிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்தச் சத்தம்.

"ராத்திரி முழுக்க ஷ்ஷ்னு கேட்கும் மாசி. இந்த வீட்டு டேங்க் அப்படித்தான்னு நினைச்சோம்" என்றான் பின்னறைப் பையன். மாசி என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. மூன்று மாதமாகக் கேட்டிருக்கிறது. சொன்னால் உடைத்தது நீதான் என்று பணம் கேட்பார்களோ என்று பயம், முன்பு இருந்த இடத்தில் அப்படி நடந்ததாம். தண்ணீருக்கு 300 ரூபாய் கேட்டபோது பேசாமல் கொடுத்ததற்கும் காரணம் அதுதான்.

பழுதுபார்ப்பது ஒரு மதிய வேலை. ஆங்கிள் காக்கை மூடி, பிளஷ் செய்து டேங்கைக் காலியாக்கி, உள்ளே நிற்கும் வால்வு பாகத்தை இடப்பக்கம் கால் திருகு திருகினால் கையோடு வந்துவிடும். அதன் அடியில்தான் ரப்பர் வாஷர். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, வாஷரின் விளிம்பிலும் அது உட்காரும் வளையத்திலும் அரிசிப் பொரி மாதிரி ஒட்டியிருந்தது. ரப்பர் வளையத்தில் சமமாகப் பதியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வால்வு பாகத்தை எலுமிச்சை உப்புக் கரைத்த வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வளையத்துக்கு அதே கரைசலில் நனைத்த துணி. அங்கே கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வைத்துச் சுரண்டக்கூடாது. பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எந்த வாஷர் போட்டாலும் கசியும். பழைய வாஷர் விளிம்பு விறைத்துப்போயிருந்ததால் 60 ரூபாய்க்குப் புதிது போட்டேன். மறுபடி நீலம், மறுபடி அரை மணி. பேசின் வெள்ளை.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அளவு எடுத்தேன். சராசரி 1,260 லிட்டர், ஆளுக்கு 157. ஷிப்ட் யூனிபார்மைத் தினம் துவைக்கிற பையன்களுக்கு அது அதிகமில்லை. அன்றைக்கு மாலையே 2,400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்கள். கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

கரண்ட் பக்கம் கிடைத்தது சின்ன லாபம். எங்கள் மோட்டார் நிமிஷத்துக்கு இருபத்தைந்து லிட்டர் போலத் தள்ளும். 640 லிட்டருக்கு இருபத்தைந்து நிமிஷ ஓட்டம், ஏறக்குறைய அரை யூனிட். இரண்டு மாத பில்லில் இருபத்தைந்து யூனிட் சொச்சம். பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டார் கீழ் வீட்டு மீட்டரில் ஓடுகிறது, நாங்கள் 490-லும் 510-லும் ஊசலாடுகிறவர்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியின் சலுகையும் போய்விடும்.

இப்போது செப்டிக் டேங்குக்கு வருவோம். கசிந்த 640 லிட்டர் முழுக்க அதற்குள்தான் போயிருக்கிறது. ஆனால் அது மட்டும் இல்லை. அண்ணன் பின்சுவரில் குழாய்களைத் தடவிக்கொண்டே போனார். கீழ் வீட்டில் குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் தனிக் குழாயில் தோட்டத்துக்குப் போகிறது, மாமனார் கட்டும்போதே அப்படித்தான் செய்திருக்கிறார். மாடியைப் பின்னால் எடுத்துக் கட்டியபோது கொத்தனார் சுலப வழியாக, குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பிலிருந்து வரும் குழாயைக் கழிவறையின் நாலு அங்குலக் குழாயிலேயே கோர்த்துவிட்டிருக்கிறார். கொழுந்தனார் குடும்பத்தில் மூன்று பேர். அதனால் இத்தனை வருஷம் தெரியவில்லை. எட்டுப் பேர் குளித்துத் துவைக்கிறபோது சோப்புத் தண்ணீர் முழுவதும் டேங்குக்குள்.

மாடியிலிருந்து 1,900, கீழ்க் கழிவறையிலிருந்து 140 என்று வைத்துக்கொண்டால் 2,040 லிட்டர். 3,170 லிட்டர் டேங்கில் கசடும் மேல் ஏடும் பிடித்த இடம் போக மீதி இடத்தில் அது ஒரு நாள் சொச்சம்தான் நிற்கும். அதுவும் சீராக வருவதில்லை. ஷிப்ட் முடிந்து காலையும் இரவும் ஒரே நேரத்தில் நாலு பேர் குளிக்கும்போது வெள்ளம் மாதிரி வந்து, படிய வேண்டிய கசடைக் கலக்கிக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குத் தள்ளிவிடும். உறிஞ்சு குழியில் அது மண்ணின் மேல் பிசின் மாதிரி பூசிக்கொண்டால் தண்ணீர் இறங்காது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. இதில் நான் வாராவாரம் பையன்களிடம் பினாயிலும் ஆசிடும் கொடுத்து நன்றாகக் கழுவச் சொன்னேன். கழிவைத் தின்கிற கிருமிகளை நானே கொன்றுகொண்டிருந்திருக்கிறேன். இப்போது சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான்.

வேலை இரண்டு நாள். நஹானிக் குழாயை அறுத்துப் பிரித்து, நாலு அங்குலக் குழாயில் இருந்த அந்த வாயை மூடி போட்டு ஒட்டினார். மூன்று அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றைத் தனியாகச் சுவரோடு பதினெட்டு அடி இறக்கி, கீழே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சிமெண்ட் தொட்டி கட்டினார். தொட்டியில் முடியும் நூலும் மணலும் தங்கும். தெளிந்தது வாழைக்கும் பப்பாளிக்கும் போகும், மிச்சம் தெருக் கால்வாய்க்கு. தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் அதுவே நாறும். அதைப் பையன்கள் முறை வைத்துச் செய்கிறார்கள். குழாய், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய் ஆனது.

இனி டேங்குக்குள் போவது பன்னிரண்டு பேரின் கழிவறைத் தண்ணீர் மட்டும், சுமார் 420 லிட்டர். கசடு மூன்றில் ஒரு பங்கு ஏறினாலும் மீதி இடத்தில் ஐந்து நாள் நிற்கும். உறிஞ்சு குழி தேறுமா என்பதில் அண்ணனுக்கே சந்தேகம் இருந்தது. வரத்துக் குறைந்தால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து விடும், இல்லையென்றால் புதுக் குழி தோண்டி உறை இறக்க வேண்டும் என்றார். மூன்று வாரத்தில் குழியில் தண்ணீர் இரண்டடி இறங்கியது. செப்டிக் டேங்க் மட்டம் குழாயின் வாய்க்குத் திரும்பியது. நாற்றம் போனது அதற்கும் முன்பே.

குழியை அளந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அது போரிலிருந்து 35 அடியில் இருக்கிறது. அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பையன்கள் போர்த் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொதித்தால் கிருமி சாகும், சரி. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கிற புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது அடர்த்தியாகத்தான் ஆகும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து குழாய் போட்டுக் காவிரியைக் கொண்டுவந்ததே இந்தப் புளோரைடுக்காகத்தான். கீழ் வீட்டில் அந்தக் காவிரிக் குழாய்த் தண்ணீர் சேரும் தனித் தொட்டியிலிருந்து மாடிப்படி அடியில் ஒரு குழாய் எடுத்துவிட்டேன். குடிக்கவும் சோறு வடிக்கவும் தினம் இரண்டு கேன் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் துண்டு சுற்றிய கழியை இறக்கினேன். கறுப்பு ஏழு அங்குலம். லாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கழிவறையிலும் நீலம் விடுவது என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். முந்தாநாள் இரவு பதினொன்றே காலுக்குக் கதவு தட்டும் சத்தம். மாமியார்தான் எழுந்து போய்த் திறந்தார். பின்னறைப் பையன் நின்றிருந்தான்.

"மாசி, முன்பக்க டாய்லெட் ஷ்ஷ்ங்குது. நீலம் குடுங்க."

மாமியார் உள்ளே போய்ச் சொட்டு நீலப் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கூடவே டார்ச்சையும்.